அறுநூறு காவடிக்கு ஒரு வழி: ஆளுக்கொரு தேடலா, ஒரே ஃப்ளோ ஃபீல்டா?

தடுப்பை மூடினேன், திரை உறைந்து நின்றது. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி. அப்புறம் அறுநூறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, வேறு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "அண்ணே, இது சாமி வந்த மாதிரி இருக்கு" என்றான். சிரித்தேன். ஆனால் அந்த ஒன்றரை விநாடிதான் எங்கள் விளையாட்டின் முதல் பெரிய முடிவை எடுக்க வைத்தது.

விளையாட்டு சின்னதுதான். மொரீசியசில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. காத்ர் போர்னில் கோர்-தெ-கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்குப் படியேறிப் போனவர்களுக்கு, கூட்டம் எங்கே தேங்கும் என்று காலே சொல்லும். அந்த மலையடிவாரத்தை மனதில் வைத்து ஒரு வரைபடம் போட்டோம். ஆடுபவர் தொண்டர்களின் தலைவர். தடுப்பைத் திறக்கலாம், மூடலாம், சுடுகிற தார்ச்சாலையில் தண்ணீர் தெளிக்க வண்டி அனுப்பலாம். இங்கே தைப்பூசம் கோடையில் வருகிறது, வெறுங்காலில் நடப்பவருக்கு ஈரமான சாலையும் காய்ந்த சாலையும் ஒன்றல்ல. பால்செம்பு ஏந்தியவர், காவடி தூக்கியவர், கூட வரும் குடும்பத்தார் என்று அறுநூறு பேர். எல்லோருக்கும் போக வேண்டிய இடம் ஒன்றே, சன்னிதி வாசல்.

வரைபடம் 160 × 120 கட்டம், ஒரு கட்டம் அரை மீட்டர். மொத்தம் 19,200 கட்டங்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஆளுக்கொரு ஏ-ஸ்டார் தேடல். 1968-இல் வந்த முறை, பாடப்புத்தகத்தில் முதலில் வருவது, எழுதவும் எளிது. ஒருவர் நிற்கும் கட்டத்தில் தொடங்கி, இலக்கு இருக்கும் பக்கமாக முந்திக்கொண்டு தேடும். வெட்டவெளியில் மிக வேகம். நடுவில் ஒரு நீளச் சுவர் வந்தால்தான் சிக்கல். அது சுவரோடு முட்டி, பக்கவாட்டில் பரவி, வழி கிடைக்கும்வரை கட்டங்களைத் தின்றுகொண்டே போகும். ஒருவருக்குச் சராசரியாக 1,500 கட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு பேருக்கு 9 லட்சம். விளையாட்டின் தொடக்கத்தில் இதைச் சில ஃபிரேம்களில் பிரித்துப் போட்டுத் தப்பிக்கலாம். தடுப்பு மூடும்போது தப்பிக்க முடியாது. எல்லோருடைய பாதையும் ஒரே நொடியில் செல்லாமல் போகிறது, எல்லோரும் ஒரே ஃபிரேமில் புதிய பாதை கேட்கிறார்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடிதான் கையில் இருக்கிறது.

இதில் வீணாவது என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆற்றங்கரையிலிருந்து வரும் இருநூறு பேர் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள், ஒரே இடத்துக்குப் போகிறார்கள். ஒரே விடையை இருநூறு தடவை கண்டுபிடிக்கிறோம்.

அப்படியானால் ஒருவருக்கு மட்டும் தேடி, மற்றவர் பின்னால் போகட்டும் என்று தம்பி சொன்னான். தலைவனும் கூட்டமும் முறை. அரை நாள் முயன்று பார்த்தோம். வெட்டவெளியில் அழகாக இருக்கிறது. கூட்டத்தின் வால் ஒரு மூலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால், தலைவன் இருக்கும் திசையை நோக்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டே நிற்கிறது. மாட்டியவர்களுக்குத் தனியாகத் தேடல் வைத்தால், பழைய கதைக்கே திரும்பி வந்துவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களுக்கு இது போதும். எங்களுக்குப் போதவில்லை.

மூன்றாவது, ஃப்ளோ ஃபீல்டு, சுருக்கமாகப் புலம். கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான் இதன் சூட்சுமம். ஆளிடமிருந்து வாசலைத் தேடாமல், வாசலிலிருந்து தேடலைத் தொடங்கி வரைபடம் முழுக்கப் பரவ விடுகிறோம். டைக்ஸ்ட்ரா 1959-இல் எழுதிய அதே முறை, இலக்கில் தொடங்குகிறது, நடுவில் நிற்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்துக்கும் "இங்கிருந்து வாசல் எவ்வளவு தூரம்" என்ற எண் கிடைத்துவிடும். அப்புறம் எந்தக் கட்டத்தில் நிற்பவரும் பக்கத்துக் கட்டங்களில் எண் குறைந்ததைப் பார்த்து நகர்ந்தால் போதும். மேட்டில் ஊற்றிய தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போவது போல.

சிறியதாக ஒன்றைப் பார்ப்போம். வலது மேல்மூலையில் வாசல், நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு கட்ட இடைவெளி. நான்கு திசையில் மட்டும் பரவ விட்டால் எண்கள் இப்படி வரும்:

```
10  9  8  ##  2  1  0
 9  8  7  ##  3  2  1
 8  7  6   5  4  3  2
 9  8  7  ##  5  4  3
```

இடது மேல்மூலையில் நிற்பவர் 10, 9, 8 என்று இறங்கி, இடைவெளியில் 5-ஐத் தாண்டி, 0-க்கு வந்து சேர்வார். அவர் எதையும் தேடவில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஐம்பது பேர் வந்து நின்றாலும் புதிதாக ஒரு கணக்கும் இல்லை.

எண்களை நிரப்பும் பகுதி இவ்வளவுதான்:

```python
D[goal] = 0
heap = [(0, goal)]
while heap:
    d, c = heappop(heap)
    if d > D[c]:
        continue
    for n in neighbours(c):
        nd = d + cost[n]
        if nd < D[n]:
            D[n] = nd
            heappush(heap, (nd, n))
```

தொடக்கத்தில் `D` முழுக்க முடிவிலி. `cost` என்பது கட்டத்தின் விலை. ஈரச் சாலைக்கு 1, காய்ந்த தாருக்கு 4 வைத்தோம். எல்லாக் கட்டமும் ஒரே விலை என்றால் ஹீப் தேவையில்லை, சாதாரண வரிசை போதும். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. தண்ணீர் வண்டி போன பாதையில் கூட்டம் சாய வேண்டும் என்பதுதான் விளையாட்டே.

இப்போது ஒப்பிடலாம். புலம் ஒரு முறை கட்ட 19,200 கட்டம். ஏ-ஸ்டார் ஒருவருக்கு 1,500. வகுத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று. அதாவது ஒரே இலக்குக்குப் போகிறவர்கள் பதின்மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் தனித்தனித் தேடலே மலிவு. அதற்கு மேல் ஒவ்வொரு ஆளும் புலத்துக்கு இலவசம். உங்கள் வரைபடத்தில் இந்த எண் வேறாக இருக்கும். வெட்டவெளி அதிகமானால் ஏ-ஸ்டார் குறைவாகத் தேடும், எல்லை ஐம்பது நூறு என்று ஏறும். சந்துகள் நிறைந்த வரைபடத்தில் ஐந்துக்குக்கூட இறங்கலாம். ஒரு தேடல் எத்தனை கட்டத்தைத் தொட்டது என்று எண்ணுவதற்கு ஒரு மாறி வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

புலத்துக்கு மாறிய அன்றே முதல் கோளாறு வந்தது. இடைவெளியின் ஓரத்தில் நாலைந்து பேர் சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கினார்கள். மேலே உள்ள சிறு படத்திலேயே அதைப் பார்க்கலாம். இரண்டாம் வரியில் சுவரை ஒட்டி 7 இருக்கிறதே, அங்கே நிற்பவருக்கு எட்டுத் திசையையும் பார்க்கச் சொன்னால் நேர் கீழே 6, குறுக்கே 5. ஐந்துதான் குறைவு, குறுக்கே போகப் பார்ப்பார். குறுக்கே போனால் உடம்பு சுவரின் மூலையில் இடிக்கும். இடித்தபின் மோதல் கணக்கு அவரைப் பின்னால் தள்ளும், புலம் மறுபடி முன்னால் தள்ளும். அந்த நடுக்கம்தான் அடையாளம்.

மருந்து ஒரே நிபந்தனை. குறுக்குத் திசையின் இரு பக்கத்துக் கட்டங்களில் ஒன்று சுவரானாலும் அந்தத் திசையை விட்டுவிட வேண்டும்.

```python
if dx and dy and (wall(x + dx, y) or wall(x, y + dy)):
    continue
```

எண்ணை நிரப்பும்போதும் குறுக்கே பரவ விடுகிறீர்கள் என்றால் இதே நிபந்தனை `neighbours` உள்ளேயும் இருக்க வேண்டும். குறுக்கு அடிக்கு விலையும் கூட, நேர் அடிக்கு 10 என்றால் குறுக்குக்கு 14. ஒன்றில் வைத்து மற்றதில் மறந்தால் எண்களும் திசையைக் காட்டும் அம்புகளும் வேறு வேறு கதை சொல்லும்.

இரண்டாவது கோளாறைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல் உண்டு, ஒரு மீட்டர் அகலம். சாதாரண ஆள் தாராளமாகப் போகலாம். காவடி தூக்கியவர் போக முடியாது. எங்கள் கணக்கில் காவடியின் அகலம் ஒன்றரை மீட்டர். புலத்துக்கு அது தெரியாது, அதற்கு எல்லோரும் ஒரு புள்ளி. முதல் காவடி அந்தச் சின்ன வாசலில் போய்ச் சொருகியது. அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் வந்த செம்புக்காரர்களுக்கும் வழி அடைபட்டது. புலம் மட்டும் "இதுதான் குறுக்குவழி" என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ஏ-ஸ்டாரில் இது சிக்கலே இல்லை. தேடும்போதே இந்த ஆளின் அகலம் என்ன என்று கேட்டுக்கொள்ளலாம். புலத்தில் எல்லோரும் ஒரே விடையைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ஆகவே உடம்பின் அளவுக்கு ஒரு புலம் வேண்டும். எங்களுக்கு இரண்டு அளவு, இரண்டு புலம்.

அதைச் செய்ய முதலில் எல்லாச் சுவர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் பரவ விட்டு, ஒவ்வொரு கட்டமும் சுவரிலிருந்து எத்தனையாவது கட்டம் என்று குறித்துக்கொண்டோம். சுவரை ஒட்டியது 1, அடுத்தது 2. கட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு, எண் 1 என்றால் சுவர் அரைக் கட்டம் தள்ளி, அதாவது கால் மீட்டர். எண் 2 என்றால் ஒன்றரைக் கட்டம், முக்கால் மீட்டர். காவடியின் பாதி அகலமும் முக்கால் மீட்டர். ஆகவே காவடிப் புலத்தில் எண் 2-க்குக் குறைந்த கட்டமெல்லாம் சுவர். சின்ன வாசல் இரண்டு கட்டம் அகலம், இரண்டுமே 1, தானாக அடைந்துவிட்டது. பெரிய வாசலின் ஓரங்கள் குறுகின, நடு திறந்தே இருந்தது. மூன்று கட்ட அகல வாசலில் நடுக்கட்டம் மட்டும் 2. காவடி ஒவ்வொன்றாக, நூல் பிடித்த மாதிரி, நடுவில் போகும். நிஜத்திலும் அப்படித்தான் போகிறது.

இதில் ஒரு பக்க விளைவு உண்டு. காவடிக்காரரைக் கூட்டம் நெருக்கி, எண் 1 உள்ள கட்டத்துக்குத் தள்ளிவிட்டால், அவர் தன் புலத்தில் சுவருக்குள் நிற்கிறார், தூரம் முடிவிலி. திசை கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடுவார். அப்படி நிற்பவருக்கு, பக்கத்தில் தூரம் முடிவிலியாக இல்லாத கட்டம் எதுவோ அங்கே போ என்று தனியாக ஒரு விதி வைத்தோம். கூட்ட நடுவில் ஒருவர் மட்டும் சிலை போல நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அம்புகளைத் திரையில் வரைந்து பார்க்கும் ஒரு பொத்தானை முதல் நாளே வைத்துவிடுங்கள். நாங்கள் இரண்டாம் வாரம் வைத்தோம். அதற்கு முன் செய்ததெல்லாம் ஊகம்.

தடுப்பு மூடும் கதைக்கு வருவோம். இப்போது மூடினால் இரண்டு புலத்தையும் மறுபடி கட்ட வேண்டும், 38,400 கட்டம். 9 லட்சத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லை. இதையும் ஒரே ஃபிரேமில் செய்யத் தேவையில்லை. பழைய புலத்தை வைத்து எல்லோரும் நடந்துகொண்டே இருக்கட்டும், புதியதை ஃபிரேமுக்கு நாலாயிரம் கட்டமாகக் கட்டி, முடிந்ததும் மாற்றிவிடலாம். பத்து ஃபிரேமில் முடிந்துவிடும், ஆறில் ஒரு விநாடி. நிஜ மனிதருக்கும் தடுப்பு மூடியது உறைக்க அவ்வளவு நேரமாவது ஆகும்.

வந்து சேரும் இடத்திலும் ஒரு சங்கடம். இலக்கு ஒரே கட்டம் என்றால் அறுநூறு பேரும் அந்த அரை மீட்டரில் நிற்கப் பார்க்கிறார்கள், வாசலில் ஒரு பந்து உருளுகிறது. வாசற்படி முழுவதையும், ஒன்பது கட்டங்களையும், 0 என்று வைத்துத் தொடங்கினோம். தொடக்க ஹீப்பில் ஒன்றுக்குப் பதில் ஒன்பது கட்டம், வேறெதுவும் மாறவில்லை. படியைத் தொட்டவர் அதன்பின் புலத்தைப் பார்ப்பதில்லை, வரிசையில் இடம் பிடிப்பது வேறு நிரலின் வேலை.

ஃப்ளோ ஃபீல்டு பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அது ஆட்கள் ஒருவரையொருவர் இடிக்காமல் பார்த்துக்கொள்ளாது. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து விலகும் கணக்கு எந்த முறையிலும் தனியாக வேண்டும். எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிட்டால் 1,79,700 ஜோடி, அதுவும் ஒவ்வொரு ஃபிரேமிலும். ஆட்களைக் கட்டவாரியாகப் பிரித்துப் போட்டு, சுற்றியுள்ள கட்டங்களில் இருப்பவரை மட்டும் பார்த்தால்தான் தாங்கும். புலத்துக்கு மாறியும் விளையாட்டு மெதுவாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம். நேரத்தைத் தின்றது இந்த ஜோடிக் கணக்கு.

நெரிசலும் புலத்துக்குத் தெரியாது. பெரிய வாசலில் முந்நூறு பேர் தேங்கியிருந்தாலும், தூரம் குறைவு என்றால் அங்கேயே அனுப்பும். சரி, ஆள் நிற்கும் கட்டத்தின் விலையை ஏற்றிவிட்டு விநாடிக்கு ஒரு முறை புலத்தைக் கட்டுவோம் என்று செய்தோம். உடனே கூட்டம் முழுக்க காலியான வாசலுக்குத் திரும்பியது. அது நிறைந்தது, இது காலியானது, மறுபடி இந்தப் பக்கம். ஊஞ்சல் ஆடுகிற மாதிரி. எல்லோரும் ஒரே புலத்தைப் பார்ப்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் மனம் மாறுகிறார்கள். தனித்தனித் தேடலாக இருந்தால் ஆளுக்கொரு நேரத்தில் தேடுவார்கள், மாற்றமும் சிதறி வரும். இந்த ஒரு இடத்தில் ஏ-ஸ்டார்தான் இயல்பாக நடந்துகொள்கிறது. நாங்கள் கடந்த சில விநாடிகளின் சராசரி நெரிசலை எடுத்து, அதில் பாதியை மட்டும் விலையில் சேர்த்தோம். ஊஞ்சல் நிற்கவில்லை, ஆனால் கண்ணை உறுத்தாத அளவுக்குத் தணிந்தது.

வரைபடம் பெரிதானால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஆயிரத்துக்கு ஆயிரம் என்றால் பத்து லட்சம் கட்டம், தடுப்புக்குத் தடுப்பு அதைக் கட்ட முடியாது. அப்போது நிலத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, எந்தெந்தத் துண்டு வழியாகப் போவது என்பதை மட்டும் ஏ-ஸ்டாரால் கண்டுபிடித்து, அந்தத் துண்டுகளுக்குள் மட்டும் புலம் கட்டுவார்கள். 2010-இல் வந்த சுப்ரீம் கமாண்டர் 2 இந்த வழியில்தான் பெரும் படைகளை நகர்த்தியது. எங்கள் மலையடிவாரத்துக்கு அது தேவையில்லை. செய்தால் பெருமைக்குத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு கலவையானது. பக்தர்கள் அனைவருக்கும் புலம். தொண்டர்கள் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரையும் ஆடுபவர் வேறு வேறு இடத்துக்கு அனுப்புகிறார், மயங்கி விழுந்தவரைத் தூக்க, தடுப்பை நகர்த்த, தண்ணீர் கொடுக்க. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு இலக்கு, பன்னிரண்டு புலம் கட்டுவது மடத்தனம். அவர்களுக்கு ஏ-ஸ்டாரே இருக்கிறது, முதல் வாரம் எழுதிய அதே நிரல், ஒரு வரிகூட மாற்றவில்லை.

"அப்ப இறங்குறவங்களுக்கு?" என்று தம்பி கேட்டான். அதை நான் மறந்தே போயிருந்தேன். தரிசனம் முடித்தவர்கள் இறங்க வேண்டும், அவர்களுக்கு இலக்கு அடிவாரம். இறங்குகிறவர்களில் காவடிக்காரரும் உண்டு. மொத்தம் நான்கு புலம். தூரத்துக்கு 2 பைட், திசைக்கு 1 பைட் என்று வைத்தால் ஒரு புலம் 57.6 கிலோபைட், நான்கும் சேர்ந்து 230 கிலோபைட்டுக்குச் சற்று மேல். இடம் ஒரு பொருட்டில்லை.

படியில்தான் மோதினார்கள். ஏறும் புலம் படியின் நடுவில் ஏற்றுகிறது, இறங்கும் புலமும் அதே நடுவில் இறக்குகிறது, இரண்டு கூட்டமும் முகத்துக்கு முகம் நின்றுவிட்டன. ஒரு புலத்துக்கு இன்னொரு புலம் இருப்பதே தெரியாது. விலகும் கணக்கை எவ்வளவு கூட்டினாலும் அசையவில்லை. கடைசியில், நெரிசலான படிக்கட்டில் தொண்டர்கள் நடுவில் கயிறு கட்டுவார்களே, அதையே செய்தோம். ஏறும் புலங்களுக்குப் படியின் வலப்பாதி சுவர், இறங்கும் புலங்களுக்கு இடப்பாதி சுவர். கயிற்றை வரையக்கூட இல்லை. தம்பிதான் பிறகு ஒரு மஞ்சள் கோடு போட்டான்.